நெருங்கி வரும் இரு சராசரிகள்

24, 6 என்ற இரண்டு எண்களை எடுங்கள். கூட்டிப் பாதியாக்கினால் 15. இது கூட்டுச் சராசரி. பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 12. இது பெருக்குச் சராசரி. இப்போது 15, 12 ஆகியவற்றுக்கு இதையே செய்தால் 13.5, 13.4164. இன்னொரு முறை செய்தால் 13.458204, 13.458139. மூன்றே படிகளில் இடைவெளி 18-லிருந்து லட்சத்தில் ஏழு பங்குக்கும் கீழே வந்துவிட்டது!

இரண்டும் ஒரே எண்ணில்தான் சேரும் என்பதற்கு என்ன உறுதி? √a − √b-இன் வர்க்கம் எதிர்மறை ஆகாது. அதை விரித்தால், கூட்டுச் சராசரி பெருக்குச் சராசரிக்குக் குறையாது என்று கிடைக்கும். ஆகவே பெரிய எண் ஒவ்வொரு படியிலும் இறங்கும், சிறியது ஏறும்; ஒன்றையொன்று தாண்டாது. இப்படி ஒரே திசையில் போய், ஒரு வரம்பையும் மீறாத தொடர் ஓர் எல்லையை அடைந்தே தீரும். அந்த இரண்டு எல்லைகளும் வேறுவேறாக இருக்கலாமே? முடியாது. புதிய பெரிய எண் பழைய இடைவெளியின் சரிபாதியில் நிற்கிறது. சிறியதோ கீழிருந்து ஏறியிருக்கிறது. எனவே இடைவெளி ஒவ்வொரு முறையும் பாதிக்கு மேல் போகாது, பூஜ்யத்தை நோக்கிச் சுருங்கும்.

உண்மையில் பாதியைவிடப் பன்மடங்கு வேகம். சரியான தசம இடங்கள் படிக்குப் படி ஏறக்குறைய இரட்டிக்கின்றன. 1799-இல் காஸ் 1, √2 இரண்டுக்கும் இந்த எல்லையைக் கணக்கிட்டார். விடை 1.19814...