ஒரு சீடைப் பொட்டலத்தை வைத்து ஐ.எஸ்.ஓ. தணிக்கையைப் புரிந்துகொள்ளுங்கள்

காரைக்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் சீப்புச் சீடை, தேன்குழல், மணகோலம், அதிரசம் செய்து விற்கும் கூடங்கள் பல உண்டு. உள்ளூர் வியாபாரத்துக்குக் கைப்பக்குவமும் நல்ல பெயரும் போதும். சென்னையின் பெரிய கடைகளுக்கோ சிங்கப்பூர், மலேசியா ஏற்றுமதிக்கோ சரக்குக் கொடுக்கப் போகும்போது, "ஐ.எஸ்.ஓ. 9001 இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். சான்றிதழுக்கு விண்ணப்பித்ததும் ஒரு செக்லிஸ்ட் கைக்கு வருகிறது. 4.1, 7.1.5.2, 8.5.2 என்று எண்களாகவே இருக்கும் அந்தத் தாளைப் பார்த்து மிரண்டுபோய், "எல்லாவற்றையும் நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று யாரோ ஒருவரிடம் பணத்தைக் கொடுத்துவிடும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். இழப்பு அங்கேதான் தொடங்குகிறது. அந்த எண்கள் கேட்பது என்ன என்பதை உரிமையாளரே தெரிந்துகொள்ள முடியும்.

இங்கே சொல்லும் எண்கள் ஐ.எஸ்.ஓ. 9001 தரநிலையின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பைச் சேர்ந்தவை. அதில் முதல் மூன்று பிரிவுகள் அறிமுகம்தான். தணிக்கை 4 முதல் 10 வரையிலான பிரிவுகளில் நடக்கும். 4 முதல் 6 வரை உங்கள் தொழிலின் சூழல், உரிமையாளரின் பொறுப்பு, இடர்களுக்கான திட்டம். 7 ஆட்கள், கருவிகள், ஆவணங்கள். 8 அன்றாட உற்பத்தி. 9 உங்களை நீங்களே சோதித்துப் பார்ப்பது. 10 தவறு நடந்தால் திருத்துவது.

பொட்டலத்தில் தொடங்கும் தணிக்கை

அனுபவமுள்ள தணிக்கையாளர் கோப்பைப் புரட்டுவதோடு நிறுத்திக்கொள்ள மாட்டார். விற்பனைக்குத் தயாராக இருக்கும் 200 கிராம் சீப்புச் சீடைப் பொட்டலம் ஒன்றைக் கையில் எடுப்பார். "இது என்றைக்குச் சுட்டது? எந்த மாவு, எந்த எண்ணெய்?" என்று கேட்பார். அது 8.5.2, அதாவது அடையாளமும் தடம் காணுதலும். பொட்டலத்தில் உள்ள தொகுதி எண்ணிலிருந்து அன்றைய உற்பத்திக் குறிப்புக்கும், அங்கிருந்து மாவு மூட்டையின் பில்லுக்கும் உங்களால் போக முடிய வேண்டும். அந்த மாவுக்காரரை எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தீர்கள், வந்த சரக்கை யார் பார்த்து எடுத்தார்கள் என்பது 8.4. "இது வெளியே போகலாம்" என்று முடிவு செய்தது யார் என்பது 8.6, அவர் பெயர் குறிப்பில் இருக்க வேண்டும்.

இதற்கு ஒரு நாளுக்கு ஒரு பக்கம் உள்ள நோட்டு போதும். தேதி, தொகுதி எண், மாவும் எண்ணெயும் வந்த பில் எண், எத்தனை பொட்டலம், பார்த்து அனுப்பியவர் கையெழுத்து. தடித்த தரக் கையேடு வேண்டும் என்று ஆலோசகர் சொன்னால், 2015 பதிப்பு அதைக் கட்டாயமாக்கவில்லை என்று சொல்லுங்கள். வேறு ஆலையின் கையேட்டில் பெயரை மட்டும் மாற்றி வாங்குவது ஆபத்து. நீங்கள் செய்யாத வேலை அதில் எழுதியிருக்கும். எழுதியதைச் செய்யவில்லை என்ற குறை உங்கள் தலையில் விழும்.

தராசு: பலரும் சறுக்கும் இடம்

7.1.5.2 அளவுக் கருவிகளைப் பற்றியது. "எங்கள் தராசில் முத்திரை இருக்கிறதே" என்பார்கள் உரிமையாளர்கள். தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரையிடுவது சட்டத்தின் கட்டாயம். அது இருந்தே ஆக வேண்டும். ஆனால் முத்திரையிட்ட நாளில் சரியாக இருந்த தராசு இன்றைக்கும் சரியா என்பதுதான் இந்தப் பிரிவின் கேள்வி.

ஒரு கணக்கைப் பாருங்கள். தராசு 200 கிராம் என்று காட்டுகிறது; உண்மை எடை 194. பொட்டலப் பொருள்கள் விதிகளின்படி 200 கிராம் பொட்டலம் ஒன்றில் 9 கிராம் வரை குறையலாம். 6 கிராம்தானே குறைகிறது என்று நினைக்கக் கூடாது. மொத்தத் தொகுதியின் சராசரி, அச்சிட்ட எடைக்குக் கீழே போகக் கூடாது என்பதும் அதே விதிகளில் உண்டு. எல்லாப் பொட்டலமும் 6 கிராம் குறைந்தால் தொகுதியே தவறு.

தராசு தவறு என்று தெரிந்தால் அதைச் சரிசெய்து விட்டால் போதாது. முன்பு அதில் நிறுத்த சரக்கு என்ன ஆயிற்று என்றும் 7.1.5.2 பார்க்கச் சொல்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் தராசைச் சோதிப்பவருக்கு ஓர் ஆண்டுச் சரக்கு முழுவதும் சந்தேகத்துக்கு உரியதாகிவிடும். தினமும் காலையில், சான்று பெற்ற 200 கிராம் படிக்கல் ஒன்றை வைத்துப் பார்த்து நோட்டில் எழுதுபவருக்கு, சந்தேகம் முந்தைய நாள் காலைக்குப் பின் நிறுத்த சரக்கோடு நின்றுவிடும். அந்தப் படிக்கல்லை அளவுத்திருத்த ஆய்வுக்கூடத்தில் சோதித்து வாங்கிய சான்றிதழும் கோப்பில் இருக்கட்டும்.

"சீடை நமுத்துப்போச்சு" என்று போன் வந்தால்

மழைக்காலத்தில் ஒரு கடைக்காரர் கூப்பிட்டு, "பத்துப் பொட்டலம் நமுத்துப்போச்சு" என்கிறார் என்று வையுங்கள். நீங்கள் வேறு பத்து அனுப்பி வைக்கிறீர்கள். வியாபாரத்தில் அது நல்ல மரியாதை. தரநிலையின் கணக்கில் அது முதல் படிதான்.

8.7இன் படி கெட்ட சரக்கைத் தனியே எடுத்து, அடையாளம் போட்டு, நல்ல சரக்கோடு கலக்காமல் வைக்க வேண்டும். அதே தொகுதியில் எஞ்சியவை வேறு எந்தக் கடைக்குப் போயின என்றும் பார்க்க வேண்டும். அடுத்து 10.2: ஏன் நடந்தது? இங்கேதான் "பணியாளரிடம் கவனமாக இருக்கச் சொல்லப்பட்டது" என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். தணிக்கையாளர் இதை ஏற்பதில்லை. நமுத்த பொட்டலத்தைத் தண்ணீருக்குள் அமுக்கினால் ஒட்டிய ஓரத்திலிருந்து குமிழி வருகிறது. ஆகவே ஒட்டல் கசிகிறது. ஏன் கசிகிறது? மாலையில் மின்னழுத்தம் இறங்கும்போது சீலிங் இயந்திரத்தின் சூடு குறைகிறது. ஏன் யாருக்கும் தெரியவில்லை? சூட்டைப் பார்த்துக் குறிக்கும் வழக்கமே இல்லை. இதுதான் காரணம்.

இதற்கு மணிக்கு ஒரு முறை இரண்டு பொட்டலங்களைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பதையும், தோற்றால் முந்தைய ஒரு மணி நேரச் சரக்கைத் தனியே எடுத்து வைப்பதையும் வழக்கமாக்கலாம். ஒரு மாதம் கழித்து அதே புகார் வந்ததா என்று பார்த்து எழுதினால்தான் 10.2 முழுமையாகும். மழைக்காலப் புகார் என்பதால் இன்னொன்றையும் கவனியுங்கள்: பருவநிலை மாற்றம் தம் தொழிலுக்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டும் என 2024இல் 4.1, 4.2 பிரிவுகளில் ஒரு திருத்தம் சேர்ந்தது. பழைய செக்லிஸ்டில் இது இருக்காது. உங்களுடையதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தணிக்கைக்கு முன் செய்தாக வேண்டிய இரண்டு

9.2 உள்தணிக்கை, 9.3 நிர்வாக மறுஆய்வு. இவை இரண்டும் நடக்காமல் சான்றிதழ் தணிக்கைக்குப் போகாதீர்கள். தன் வேலையைத் தானே தணிக்கை செய்யக் கூடாது என்பதால், சிறு கூடத்தில் கணக்குப் பார்ப்பவர் உற்பத்தியையும், உற்பத்தி பார்ப்பவர் கொள்முதலையும் சோதிக்கலாம். அதில் ஒரு குறையும் இல்லை என்று எழுதினால் தணிக்கையாளருக்குச் சந்தேகம்தான் வரும். கண்ட குறையை எழுதி, திருத்தியதையும் எழுதுங்கள்.

பழைய தேதி போட்டுக் குறிப்புகளை நிரப்பும் வேலை மட்டும் வேண்டாம். ஒரே பேனா, ஒரே கை, பொங்கல் விடுமுறை நாளிலும் உற்பத்தி என்று அது தானாகவே காட்டிக் கொடுத்துவிடும். "இந்தத் தேதியிலிருந்துதான் எழுதத் தொடங்கினோம்" என்று சொல்வதில் தவறே இல்லை. ஓரிரு மாதக் குறிப்பு சேர்ந்த பிறகு தணிக்கைக்குத் தேதி வாங்குங்கள்.

உங்கள் உரிமைகள்

ஐ.எஸ்.ஓ. அமைப்பு யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை. தருபவை தனிச் சான்றளிப்பு நிறுவனங்கள். அந்த நிறுவனத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று முதலில் கேளுங்கள். இந்தியாவில் அந்த அங்கீகாரம் தருவது இந்தியத் தரக் குழுவின் கீழ் உள்ள என்.ஏ.பி.சி.பி. வாரியம். அதன் தளத்தில் நிறுவனத்தின் பெயரையும், உங்கள் தொழில்வகை அங்கீகார எல்லைக்குள் வருகிறதா என்பதையும் பார்க்கலாம். தணிக்கைக்கு ஆளே வராமல் இரண்டு நாளில் சான்றிதழ் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். வாங்குபவர் சரிபார்க்கும்போது அந்தத் தாள் செல்லாது என்று தெரிந்தால் ஆர்டரும் போகும், பெயரும் போகும்.

ஆலோசனை சொல்லும் நிறுவனமே சான்றும் தரக் கூடாது என்பது சான்றளிப்பு நிறுவனங்களுக்கான ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17021-1 தரநிலையின் விதி. "இரண்டையும் நாங்களே முடித்துத் தருகிறோம்" என்பவர் அந்த விதியை மீறுகிறார்.

தணிக்கை இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் தயார்நிலையைப் பார்த்து, எங்கே குறை வரலாம் என்று சொல்வார்கள். இரண்டாம் கட்டம்தான் முழுத் தணிக்கை. அதில் சிறு குறை வந்தால் திருத்தத் திட்டம் கொடுத்துச் சான்றிதழ் பெறலாம். பெருங்குறை வந்தால் அதைத் திருத்தி, அவர்கள் சரிபார்த்த பிறகே சான்றிதழ். தணிக்கையின் கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அது முடியாவிட்டால் இரண்டாம் கட்டத்தை மறுபடி நடத்த வேண்டும்.

குறை என்று எழுதினால், எந்தப் பிரிவு, எந்தச் சான்று என்று கேட்பது உங்கள் உரிமை. வரப்போகும் தணிக்கையாளரின் பெயரை முன்பே கேட்டு, நியாயமான காரணம் இருந்தால் வேறு ஆள் கேட்கலாம். முடிவு தவறு என்று தோன்றினால் நிறுவனத்திடமே எழுத்தில் மேல்முறையீடு செய்யலாம். முடிவெடுத்தவரே அதை விசாரிக்கக் கூடாது. அங்கேயும் தீர்வு இல்லையென்றால் என்.ஏ.பி.சி.பி.க்குப் புகார் எழுதலாம்.

சான்றிதழ் வந்த பிறகு

சான்றிதழுக்கு மூன்று ஆண்டு ஆயுள். இடையில் கண்காணிப்புத் தணிக்கை வரும், முதலாவது பன்னிரண்டு மாதத்துக்குள். அதைத் தவறவிட்டால் சான்றிதழை நிறுத்தி வைக்கலாம். சான்றளிப்பு நிறுவனத்தின் முத்திரையைச் சீடைப் பொட்டலத்தின் மேல் அச்சிடாதீர்கள், ஐ.எஸ்.ஓ.வின் சின்னத்தை எங்கேயுமே பயன்படுத்தக் கூடாது. இந்தச் சான்று உங்கள் நிர்வாக முறைக்குத்தான், சீடைக்கு அல்ல. உணவுப் பாதுகாப்பு உரிமமும் தனியே இருக்க வேண்டும். ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

செலவில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற வழி உண்டா என்று சிவகங்கையில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். குறு, சிறு தொழில்களின் தரச் சான்றிதழ்க் கட்டணத்துக்குத் தமிழக அரசு உதவித்தொகைத் திட்டம் வைத்திருக்கிறது. அன்றைய வரம்பையும் விதிமுறைகளையும் அங்கேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சான்றளிப்பு நிறுவனத்துக்குக் கட்டிய ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

தணிக்கைக்கு ஒரு வாரம் முன்னால், கடைக்குப் போகக் காத்திருக்கும் பொட்டலம் ஒன்றை எடுத்து, மாவு மூட்டையின் பில் வரை நீங்களே பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். போக முடிந்தால் தணிக்கையாளரைத் தைரியமாக வரச் சொல்லுங்கள். நடுவில் எங்கேயாவது நின்றுவிட்டால், தேதியைத் தள்ளிப்போட்டு முதலில் அந்த இடத்தைச் சரிசெய்யுங்கள்.