கூட்டு வட்டி கூட்டுத் தொடர்வரிசையில் வராது

பத்தாம் வகுப்புக் கணக்கில் பெயராலேயே பிள்ளைகளைக் குழப்பும் இடம் ஒன்று உண்டு. கூட்டுத் தொடர்வரிசை, பெருக்குத் தொடர்வரிசை என்று இரண்டு வகை படிக்கிறார்கள். பிறகு வட்டிக் கணக்கு வருகிறது. ‘கூட்டு வட்டி’ என்றதும் கூட்டுத் தொடர்வரிசையின் சூத்திரத்தை எடுத்துவிடுகிறார்கள். உண்மை நேர் எதிர்: தனிவட்டிதான் கூட்டுத் தொடர்வரிசையாக வளரும், கூட்டு வட்டி பெருக்குத் தொடர்வரிசையாக வளரும்.

ஒரே சேமிப்பை இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். ஒருவர் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி 1,000 ரூபாய் போடுகிறார். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. டிசம்பர் முடிவில் கையில் எவ்வளவு இருக்கும்?

முதலில் தனிவட்டி. டிசம்பரில் போட்ட பணம் ஒரு மாதம்தான் இருந்தது. அது 1,010 ஆகும். நவம்பர் பணம் 1,020, அக்டோபர் பணம் 1,030. ஒவ்வொரு படிக்கும் அதே 10 ரூபாய் கூடுகிறது. அந்த 10தான் பொது வித்தியாசம். ஜனவரிப் பணம் 12-ஆவது உறுப்பு. அதைக் காண 10-ஐ எத்தனை முறை கூட்ட வேண்டும்? 12 முறை என்று எழுதுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. முதல் உறுப்பு ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. அங்கிருந்து பன்னிரண்டாவதுக்குப் போக 11 படிதான். ஆகவே 1,010 + 11 × 10 = 1,120. சூத்திரத்தில் n − 1 வருவதற்குக் காரணம் இதுதான்.

இதையே திருப்பிக் கேட்டாலும் அதே இடத்தில்தான் சறுக்கும். 1,010 முதல் 1,120 வரை எத்தனை உறுப்புகள்? வித்தியாசம் 110, அதை 10 ஆல் வகுத்தால் 11. அது படிகளின் எண்ணிக்கை. உறுப்புகள் அதைவிட ஒன்று அதிகம், 12. ‘1,115 இந்த வரிசையில் உண்டா?’ என்று கேட்டால் இதே வழியில் 11.5 வரும். பதினொன்றரையாவது உறுப்பு என்று ஒன்று கிடையாது. எனவே 1,115 வரிசையில் இல்லை.

இனி மொத்தம். முதல் உறுப்பையும் கடைசி உறுப்பையும் கூட்டினால் 2,130. இரண்டாவதையும் கடைசிக்கு முந்தியதையும் கூட்டினாலும் 2,130. ஒரு பக்கம் 10 கூடுகிறது, மறுபக்கம் 10 குறைகிறது. இப்படி ஆறு சோடிகள்: 6 × 2,130 = 12,780 ரூபாய்.

அடுத்து கூட்டு வட்டி. இங்கே வட்டிக்கும் வட்டி உண்டு. டிசம்பர் பணம் 1,010, நவம்பர் பணம் 1,020.10, அக்டோபர் பணம் 1,030.30. இடைவெளி சமமாக இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் முந்தியதைப் போல 1.01 மடங்கு. இதுவே பொது விகிதம். எந்த வகை என்று சந்தேகம் வந்தால் அடுத்தடுத்த இரண்டு உறுப்புகளைக் கழித்துப் பாருங்கள், பிறகு வகுத்துப் பாருங்கள். எது மாறாமல் நிற்கிறதோ அதுவே விடை. ஜனவரிப் பணத்துக்கு இங்கும் 11 படிதான்: 1,010-ஐ 1.01 ஆல் 11 முறை பெருக்கினால் சுமார் 1,126.83.

மொத்தம் காணச் சோடி சேர்க்கும் வழி இங்கே உதவாது. சோடிகள் சமமாக வராது. வேறு உபாயம் இருக்கிறது. மொத்தத்தை 1.01 ஆல் பெருக்கினால் ஒவ்வொரு உறுப்பும் அடுத்த உறுப்பாக மாறும். பழைய மொத்தத்தை இதிலிருந்து கழித்தால் நடுவில் உள்ளவை எல்லாம் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது பதின்மூன்றாவது உறுப்பாகியிருக்க வேண்டிய 1,138.09, அதிலிருந்து கழிக்க வேண்டிய முதல் உறுப்பு 1,010. வித்தியாசம் 128.09. இது மொத்தத்தில் நூறில் ஒரு பங்கு. ஆகவே மொத்தம் சுமார் 12,809 ரூபாய். பாடப்புத்தகச் சூத்திரம் இந்தக் கழித்தலின் சுருக்கம்தான்.

விடை சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. மொத்தம், முதல் உறுப்பின் 12 மடங்குக்கும் கடைசி உறுப்பின் 12 மடங்குக்கும் நடுவில் இருக்க வேண்டும். தனிவட்டிக் கணக்கில் அவை 12,120, 13,440. வந்த விடை 1,120 என்றால், மொத்தம் கேட்ட கேள்விக்கு 12-ஆவது உறுப்பை எழுதிவிட்டோம் என்று அர்த்தம்.

கேள்வியின் சொற்களையும் நிதானமாகப் படிக்க வேண்டும். பணத்தை மாதக் கடைசியில் போட்டால் கடைசித் தவணைக்கு வட்டியே இல்லை; வரிசை 1,010-க்குப் பதில் 1,000-இல் தொடங்கும், மொத்தமும் மாறிவிடும்.

ஓராண்டில் இரண்டு வட்டிக்கும் வித்தியாசம் 29 ரூபாய்தான். இதே சேமிப்பு பத்தாண்டு, அதாவது 120 தவணை ஓடினால் தனிவட்டியில் 1,92,600 ரூபாய். கூட்டு வட்டியில் சுமார் 2,32,339 ரூபாய். முதல் 12 உறுப்புகளை மட்டும் எழுதிப் பார்த்தவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஏறக்குறைய 40,000 ரூபாய் வித்தியாசம் இருப்பது 120-ஆவது உறுப்பு வரை போய்க் கூட்டிப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.