ஐந்து மணிக்கே வந்தானா, ஐந்து மணிக்குத்தான் வந்தானா?

"அவன் ஐந்து மணிக்கே வந்துவிட்டான்" என்று ஒருவர் சொன்னால், அவ்வளவு சீக்கிரமா என்று கேட்கத் தோன்றும். "ஐந்து மணிக்குத்தான் வந்தான்" என்றால், ஏன் அவ்வளவு தாமதம் என்று கேட்போம். கடிகாரம் காட்டியது ஒரே நேரம்தான். சொல்பவர் அவனை எப்போது எதிர்பார்த்தார் என்பது மட்டுமே வேறு. ரஷ்ய மொழியில் இந்த 'ஏ'யின் வேலையை 'உஷே' பார்க்கிறது, 'தான்' பார்க்கும் வேலையைத் 'தோல்கா' பார்க்கிறது. உஷே ஃப் பியாத் என்றால் ஐந்து மணிக்கே. தோல்கா ஃப் பியாத் என்றால் ஐந்து மணிக்குத்தான்.

மூன்றாவதாக 'யிஷ்ஷோ' இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள நமக்கு அகராதியே வேண்டாம். நம்முடைய 'இன்னும்' ஏறக்குறைய அதுதான். இன்னும் இங்கே இருக்கிறான், இன்னும் வரவில்லை, இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்று என்று மூன்று இடத்திலும் நாம் ஒரே சொல்லைப் போடுகிறோம். ரஷ்யர்களும் அப்படியே. ஆங்கிலத்தில்தான் ஸ்டில், யெட், மோர் என்று மூன்று வேண்டும்.

ஆங்கிலத்திலிருந்து ரஷ்யனுக்குப் போகிறவர் முதலில் வழுக்குவது இந்த யெட்டில். "அவன் இன்னும் வரவில்லை" என்னும் இடத்தில் வரும் யெட், யிஷ்ஷோ ஆகும்: யிஷ்ஷோ நே பிரிஷோல். "வந்துவிட்டானா?" என்று கேட்கும் ஆங்கிலக் கேள்வியிலும் வாக்கியத்தின் கடைசியில் அதே யெட் நிற்கும். ஆனால் அங்கே ரஷ்யனில் உஷே வர வேண்டும்: ஓன் உஷே பிரிஷோல்? யெட் என்றால் யிஷ்ஷோ என்று மனப்பாடம் செய்துவைத்தவர் இந்தக் கேள்வியில் யிஷ்ஷோவைப் போட்டால், கேட்கும் ரஷ்யருக்கு விழிக்கத்தான் முடியும்.

'நே' என்பது 'இல்லை'. அதன் முன்னால் எது நிற்கிறது என்பதைப் பொறுத்து ஒரு மனிதரின் வாழ்க்கையே புரண்டுவிடும். ஓன் யிஷ்ஷோ நே ரபோதயெத் என்றால் அவர் இன்னும் வேலைக்குப் போகவில்லை. படித்துக்கொண்டிருக்கும் இளைஞராக இருக்கலாம். ஓன் உஷே நே ரபோதயெத் என்றால் இப்போது வேலைக்குப் போவதில்லை. ஓய்வு பெற்ற பெரியவராக இருக்கலாம். 'ஆல்ரெடி'யை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த இரண்டாவது வாக்கியத்தைப் படித்தால் பொருளே பிடிபடாது.

தமிழும் கைகொடுக்காத ஓர் இடம் உண்டு. ககாரின் விண்வெளிக்குப் போனது 1961 ஏப்ரல் 12. "1961-லேயே மனிதன் விண்வெளிக்குப் போய்விட்டான்" என்று நாம் எழுதினால் அதற்கு இரண்டு பார்வை உண்டு. முதல் ஸ்புட்னிக் பறந்தது 1957 அக்டோபரில். அங்கிருந்து எண்ணினால், மூன்றரை ஆண்டுக்குள்ளேயே மனிதனும் போய்விட்டான் என்ற வியப்பு வரும். அதற்கு உஷே. இன்றிலிருந்து பின்னால் திரும்பிப் பார்த்து, அந்தக் காலத்திலேயே போய்விட்டார்களே என்று சொன்னால் யிஷ்ஷோ. ஆண்டு அதேதான், 'ஏ'யும் அதேதான். எங்கிருந்து பார்க்கிறோம் என்பதை ரஷ்யர் சொல்லியாக வேண்டும். மூலத்தில் அது வெளிப்படையாக இருக்காது என்பதால், மொழிபெயர்ப்பாளர் முந்தைய பத்தியைப் படித்துத்தான் முடிவெடுக்க முடியும்.

இன்னொரு வேடிக்கை: ஆங்கிலத்தில் ஆல்ரெடியே இல்லாத இடத்திலும் உஷே வந்து உட்காரும். "ஐந்து வருஷமாக இங்கே இருக்கிறேன்" என்பதை ஆங்கிலம் முடிந்த காலத்தின் சாயலோடு சொல்லும். ரஷ்யர் நம்மைப் போல நிகழ்காலத்தில் சொல்லி, ஐந்து வருஷத்துக்கு முன்னால் பெரும்பாலும் ஓர் உஷேயைச் சேர்த்துக்கொள்வார். ஆங்கிலத்தைப் பார்த்து இறந்தகாலத்தில் எழுதினால், ஐந்து வருஷம் இருந்துவிட்டுக் காலிசெய்தவர் ஆகிவிடுவீர்கள். (இந்த உஷேயின் அழுத்தம் இரண்டாம் அசையில். முதல் அசையை அழுத்திச் சொன்னால் 'இன்னும் குறுகலான' என்று பொருள். எழுத்தில் இரண்டும் ஒன்றே.)

ஒன்லியின் சிக்கல் அது நிற்கும் இடத்தில். "முதல் அத்தியாயத்தை மட்டும் படித்தேன்" என்று சொல்ல வரும் ஆங்கிலேயர் ஒன்லியை வினைச்சொல்லுக்கு முன்னால் வைத்துவிட்டு, அத்தியாயத்தைக் குரலில் அழுத்திக் காட்டுவார். ரஷ்யனில் தோல்கா, தான் கட்டுப்படுத்தும் சொல்லுக்கு நேர் முன்னால் நிற்க வேண்டும்; நம் 'மட்டும்' சொல்லுக்குப் பின்னால் ஒட்டுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆங்கில வரிசைப்படியே அதை வினைக்கு முன்னால் வைத்தால், "படிக்க மட்டும்தான் செய்தேன், வேறெதுவும் செய்யவில்லை" என்றோ, "இப்போதுதான் படித்து முடித்தேன்" என்றோ ஆகிவிடும்.

தொடக்கத்தில் பார்த்த ஐந்து மணிக்காரரிடம் திரும்புவோம். ஆங்கிலம் அவரைப் பற்றி 'அன்டில்' போட்டு எதிர்மறையாகவும் சொல்லும்; பொருள் ஐந்து மணிக்குத்தான் வந்தார் என்பது. அதைச் சொல்லுக்குச் சொல் ரஷ்யனில் மாற்றினால், ஐந்து மணி வரை வரவில்லை என்பதோடு நின்றுவிடும். பிறகு வந்தாரா என்பது தெரியாது. எதிர்மறையை எடுத்துவிட்டுத் தோல்காவைப் போட்டால்தான் அவர் வந்து சேர்வார்.