கோழிக்கு வியர்க்குமா?

கத்திரி வெயில் மதியத்துல உங்க வீட்டுக் கோழி வாயைப் பிளந்து மூச்சு வாங்குறதைப் பார்த்திருக்கீங்களா? கோழிக்கு வியர்வையே கிடையாது. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் மூச்சு வழியாத்தான் வெளியேத்தணும். கூடவே இறக்கையையும் உடம்போட ஒட்டாம விரிச்சு வெச்சிருந்தா, அதுக்குச் சூடு தாங்கலைன்னு அர்த்தம். அந்த நேரத்துல விரட்டிப் பிடிக்காதீங்க, பாவம், ஓடினா சூடு இன்னும் ஏறும். மர நிழல்ல மண்சட்டியில தண்ணி வையுங்க. தண்ணி சூடாயிட்டா கோழி சரியா குடிக்காது, அதனால மதியம் ஒருமுறை கொட்டிட்டு மாத்துங்க. இரை செரிக்கும்போதும் உடம்புல சூடு உண்டாகும். அதனால கம்போ சோளமோ, விடியக்காலையில போடுங்க. மீதியை வெயில் தாழ்ந்த பிறகு போடுங்க. தகரக் கூரைக் கூண்டுன்னா, மேல தென்னங்கீத்து பரப்பி, உச்சி வெயிலுக்கு முன்னாடியே தண்ணி தெளிச்சு விடுங்க.