நிரம்பும்போதெல்லாம் இரண்டு மடங்கு

ஒரு கோப்பை வரி வரியாகப் படித்து, ஒவ்வொரு வரியையும் நினைவகத்தில் அடுக்கி வைக்கும் நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கோப்பில் பத்து வரிகள் இருக்கலாம், பத்து லட்சமும் இருக்கலாம். கடைசி வரியைப் படித்து முடிக்கும் வரை நிரலுக்கு அது தெரியாது. ஆனால் அரே என்ற அடுக்குமுறையில் எல்லாப் பொருள்களும் நினைவகத்தில் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து இருக்க வேண்டும். அப்படி இருப்பதால்தான் 5,000-ஆவது பொருள் எங்கே என்று தேடாமல், தொடக்க முகவரியோடு ஒரு பெருக்கல், ஒரு கூட்டல் செய்து நேராக அங்கே போக முடிகிறது. இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. எத்தனை அறைகள் வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லித்தான் இடம் வாங்க முடியும்.

வாங்கிய இடம் நிரம்பிவிட்டால் அங்கேயே நீட்டிக்கொள்ளலாம் என்று எப்போதும் நம்ப முடியாது. பக்கத்து மனையில் வேறொருவர் வீடு கட்டியிருப்பதுபோல, ஒட்டியுள்ள நினைவகத்தில் நிரலின் வேறு தரவு உட்கார்ந்திருக்கும். ஆகவே வேறோர் இடத்தில் பெரிய துண்டு ஒன்றை வாங்கி, பழையதில் உள்ள அத்தனை பொருள்களையும் ஒவ்வொன்றாக நகல் எடுத்து, பிறகு பழைய துண்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உள்ளே எத்தனை பொருள்கள் இருக்கின்றனவோ அத்தனை நகல். புதிய இடத்தை எவ்வளவு பெரிதாக வாங்குவது என்பதுதான் கேள்வி.

ஒவ்வொரு முறையும் 1,000 அறைகள் கூடுதலாக வாங்கலாம் என்று முதலில் தோன்றும். சிக்கனமாகவும் தெரியும், ஏனென்றால் எந்த நேரத்திலும் 1,000 அறைகளுக்கு மேல் வீணாகக் கிடக்காது. பத்து லட்சம் பொருள்களுக்கு இதன் செலவைக் கணக்கிடுவோம். முதல் இடமாற்றத்தில் 1,000 நகல், அடுத்ததில் 2,000, அதற்கடுத்ததில் 3,000. இப்படியே போய்க் கடைசி இடமாற்றத்தில் 9,99,000. பத்தாம் வகுப்பில் படித்த கூட்டுத் தொடர் இது. மொத்தம் 49 கோடியே 95 லட்சம் நகல்கள். பத்து லட்சத்தால் வகுத்தால், ஒரு பொருளைச் சேர்க்கச் சராசரியாக 500 நகல்கள் ஆகின்றன. ஒரு கோடிப் பொருள்கள் வந்தால் சராசரி 5,000-ஐத் தொடும். பொருள்கள் பத்து மடங்கானால் மொத்தச் செலவு நூறு மடங்காகிறது. 1,000-க்குப் பதிலாக 10,000 என்று வைத்தாலும் நோய் தீராது. வலி கொஞ்சம் தள்ளித் தொடங்கும், அவ்வளவுதான்.

இப்போது விதியை மாற்றுவோம். நிரம்பும்போதெல்லாம் இருந்ததைப்போல் இரண்டு மடங்கு இடம் வாங்க வேண்டும். ஓர் அறையில் தொடங்கி 17 பொருள்களைச் சேர்ப்போம். இரண்டாவது பொருள் வரும்போது அறை இல்லை. இரண்டு அறைகள் வாங்குகிறோம், 1 நகல். மூன்றாவது வரும்போது நான்கு அறைகள், 2 நகல். ஐந்தாவதுக்கு 4 நகல், ஒன்பதாவதுக்கு 8, பதினேழாவதுக்கு 16. இடையில் வரும் ஆறு, ஏழு, எட்டு போன்றவற்றுக்கு நகலே இல்லை; காலியாக உள்ள அறையில் எழுதினால் போதும். மொத்த நகல் 1 + 2 + 4 + 8 + 16 = 31. பொருள்களை எழுதிய 17 வேலைகளையும் சேர்த்தால் 48. ஒரு பொருளுக்கு மூன்றுக்கும் குறைவு. பதினேழாவது பொருள் வேண்டுமென்றே எடுத்த மோசமான இடம், ஏனென்றால் பெரிய இடமாற்றம் அப்போதுதான் முடிந்திருக்கிறது. அங்கேயே மூன்றைத் தாண்டவில்லை.

இந்தத் தொடரைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படித்தால் காரணம் பளிச்சென்று தெரியும். 16-க்கு முன்னால் நடந்த எல்லா நகல்களையும் கூட்டுங்கள்: 8 + 4 + 2 + 1 = 15. கடைசி இடமாற்றத்துக்கு முந்தைய வரலாறு முழுவதும் சேர்ந்தும் அந்த ஒரே இடமாற்றத்தைவிட ஒன்று குறைவு. எவ்வளவு பெரிதாகப் போனாலும் இது மாறாது. தொடரின் கூட்டுத்தொகையை S என்று வைத்து, அதை இரண்டால் பெருக்கி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் போதும்:

```
 S = 1 + 2 + 4 + ... + 2^k
2S =     2 + 4 + ... + 2^k + 2^(k+1)
2S - S = 2^(k+1) - 1
```

நடுவில் உள்ளவை எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகின்றன. கடைசி இடமாற்றத்தில் நகலான பொருள்கள் மொத்தப் பொருள்களான n-ஐவிடக் குறைவு. அதற்கு முந்தையவை அனைத்தும் சேர்ந்து அதைவிடக் குறைவு. ஆகவே மொத்த நகல் 2n-ஐ ஒருபோதும் எட்டாது. பத்து லட்சம் பொருள்களுக்கு 20 இடமாற்றங்கள், 10,48,575 நகல்கள். முன்பு ஐம்பது கோடிக்குப் பக்கத்தில் நின்ற எண் இது. ஒரு கோடிக்கு 1,67,77,215 நகல்கள், சராசரி 1.68 தான்.

சூத்திரம் இல்லாமலும் இதைப் புரிந்துகொள்ளலாம். எனக்கு இந்த வழிதான் அதிகம் பிடிக்கும். 16 அறைகள் நிரம்பி, 32 அறைகளுக்கு மாறிவிட்டோம். அடுத்த இடமாற்றம் வர வேண்டுமானால், அதற்குள் 16 புதிய பொருள்கள் வந்தாக வேண்டும். அப்போது 32 நகல்கள் எடுக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவைப் புதிதாக வந்த 16 பேர் மீதும் பிரித்தால் தலைக்கு இரண்டு. தன்னை எழுதிக்கொள்ள ஒன்று. ஆக மூன்று. 32 இடத்தில் 32 லட்சம் என்று போட்டாலும் இதே மூன்றுதான், ஏனென்றால் சுமை எவ்வளவு வளர்கிறதோ அதே அளவுக்குச் சுமப்பவர்களும் வளர்கிறார்கள். ஆயிரம் ஆயிரமாகக் கூட்டும் முறையில் இல்லாதது இதுதான். அங்கே நகல் பத்து லட்சத்தை நெருங்கினாலும் அதைப் பகிர்ந்துகொள்ளப் புதிதாக வருவது அதே ஆயிரம் பேர். செலவை இப்படி ஒரு தொடர் வேலைகள் முழுவதன் மீதும் பரப்பிப் பார்க்கும் முறையை ராபர்ட் டார்ஜன் 1985-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் முறைப்படுத்தினார்.

இரண்டு என்ற எண்ணுக்குத் தனி மகிமை கிடையாது. ஒன்றைவிடப் பெரிய எந்த மடங்கும் வேலை செய்யும். மடங்கை g என்று வைத்தால், பின்னோக்கிய தொடர் n, n/g, n/g² என்று சுருங்கிக்கொண்டே போகும். அதன் கூட்டுத்தொகை n·g/(g−1). இரண்டுக்கு 2n நகல், ஒன்றரைக்கு 3n. எட்டில் ஒரு பங்கு மட்டும் கூட்டினால் 9n. இன்னொரு பக்கம், இடமாற்றம் முடிந்தவுடன் காலியாகக் கிடக்கும் இடம் இரண்டு மடங்கில் பாதி, ஒன்றரையில் மூன்றில் ஒன்று, எட்டில் ஒன்றைக் கூட்டினால் ஒன்பதில் ஒன்று. நேரத்தைக் கொடுத்து இடத்தை வாங்குவதா, இடத்தைக் கொடுத்து நேரத்தை வாங்குவதா என்பதை அந்தந்த மொழியை உருவாக்குபவர்கள் முடிவு செய்கிறார்கள். ஜாவாவின் ArrayList ஒன்றரை மடங்கு வளர்கிறது. சி++ மொழியின் vector, ஜிசிசி தொகுப்பியோடு வரும் நூலகத்தில் இரண்டு மடங்காகவும் மைக்ரோசாஃப்ட் நூலகத்தில் ஒன்றரை மடங்காகவும் வளர்கிறது. பைத்தானின் பட்டியல் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு மட்டும் கூட்டிக்கொள்கிறது. பைத்தான் இருக்கும் எந்தக் கணினியிலும் இதை நேரில் பார்க்கலாம்:

```python
import sys
a, old = [], 0
for i in range(60):
    a.append(i)
    s = sys.getsizeof(a)
    if s != old:
        print(len(a), s)
        old = s
```

அண்மைப் பதிப்புகளில் 1, 5, 9, 17, 25, 33, 41, 53 என்ற எண்ணிக்கைகளில் அளவு தாவும். மற்ற இடங்களில் அசையாது. தாவல்களுக்கு நடுவே உள்ள தூரம் போகப் போக அகல்வதைக் கவனியுங்கள். அது அகலாமல் ஒரே தூரமாக இருந்திருந்தால் நாம் மீண்டும் கூட்டுத் தொடருக்குள் விழுந்திருப்போம். யாரோ எழுதிய நிரலில் இந்தப் பிழை இருக்கிறதா என்று அறியவும் எளிய சோதனை உண்டு. ஒரு லட்சம் பொருள்களைச் சேர்க்க ஆகும் நேரத்தையும் இரண்டு லட்சத்துக்கு ஆகும் நேரத்தையும் அளந்து பாருங்கள். நேரம் ஏறக்குறைய இரட்டித்தால் நல்லது. நான்கு மடங்கானால், எங்கோ ஒருவர் நிலையான அளவைக் கூட்டிக்கொண்டிருக்கிறார் என்று சந்தேகப்படலாம்.

சராசரி என்ற சொல் ஒன்றை மறைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 83,88,609-ஆவது பொருளைச் சேர்ப்பவர் 83,88,608 நகல்களும் முடியும் வரை காத்திருக்கிறார். அவருக்கு முன்னால் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரு நகலும் இல்லாமல் போனார்கள் என்பதில் அவருக்கு ஆறுதல் இல்லை. கோப்பைப் படிக்கும் நிரலில் இந்தத் தாமதத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒலியைத் தடையில்லாமல் ஒலிபரப்பும் நிரலிலோ இயந்திரத்தின் கையை இயக்கும் நிரலிலோ அது விக்கலாக வெளிப்படும். அங்கே தேவையான இடத்தை முதலிலேயே வாங்கி வைத்துவிடுவதுதான் சரி. நகல் நடக்கும் அந்தச் சில கணங்களில் பழைய துண்டும் புதிய துண்டும் சேர்ந்தே இருக்கும் என்பதால், இரண்டு மடங்கு முறையில் பொருள்களுக்குத் தேவையானதைப்போல் மூன்று மடங்கு நினைவகம் பிடிக்கும்.

பொருள்களை நீக்கும்போதும் இடத்தைச் சுருக்க வேண்டும். அதே விதியைத் திருப்பிப் போட்டு, பாதி காலியானதும் பாதியாகச் சுருக்கினால் கணக்கு முழுவதும் சரிந்துவிடும். 32 அறைகளில் 32 பொருள்கள் இருக்கின்றன. ஒன்றைச் சேர்த்தால் 64 அறைகள், 32 நகல்கள். உடனே அதை நீக்கினால் மீண்டும் 32 பொருள்கள், பாதி காலி. சுருக்குகிறோம், மறுபடி 32 நகல்கள். சேர், நீக்கு, சேர், நீக்கு என்று ஒருவர் எல்லையில் நின்று விளையாடினால், ஒவ்வோர் அடிக்கும் முழு இடமாற்றம். பத்து லட்சம் பொருள்கள் இருக்கும்போது இது நடந்தால் நிரல் நின்றுவிட்டதாகவே தோன்றும். செலவைப் பகிரப் புதியவர்கள் யாரும் வரவில்லை என்பதே காரணம்.

ஆகவே கால் பங்காகக் குறையும் வரை காத்திருந்து, அப்போது பாதியாகச் சுருக்குகிறார்கள். 64 அறைகளில் 16 பொருள்கள் மட்டும் மிஞ்சும்போது 32 அறைகளுக்குப் போகிறோம், 16 நகல்கள். இப்போது அரே சரியாகப் பாதி நிரம்பியிருக்கிறது. அடுத்து விரிய வேண்டுமானால் அதற்கு முன் 16 பொருள்கள் வந்திருக்க வேண்டும். அடுத்து சுருங்க வேண்டுமானால் 8 பொருள்கள் போயிருக்க வேண்டும், அப்போது நகலாவதும் 8 தான். எந்தப் பக்கம் போனாலும், இடமாற்றத்தின் செலவைச் சுமக்கப் போதிய ஆட்கள் முன்னதாகவே வந்து சேர்ந்திருப்பார்கள்.