லெவல் 2 வாங்கியவர் சொல்லவேண்டிய விவரம்

‘அல்ட்ராசோனிக் டெஸ்டிங்கில் லெவல் 2 சான்றிதழ் வாங்கிவிட்டேன். அடுத்தது ஃபேஸ்டு அரே.’ பாய்லர், பைப்லைன் வேலைகளில் இருக்கும் இளம் இன்ஜினீயர்கள் துறைக்காரர்களுக்கு இப்படித்தான் அறிவிக்கிறார்கள். பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால், வேலைக்கு எடுப்பவருக்கு இந்த இரண்டு வரி போதாது.

வெல்டிங்குக்குள் ஒலியை அனுப்பி, திரும்பிவரும் எதிரொலியை வைத்துக் குறையைக் கண்டுபிடிக்கும் சோதனை இது. லெவல் 1 ஆள், எழுதிக் கொடுத்தபடி சோதனை செய்வார். கருவியைச் சரிபார்த்து, எதிரொலிக்கு அர்த்தம் சொல்லி, அறிக்கையில் கையெழுத்துப் போடுவது லெவல் 2.

அந்த வேலை எப்படி இருக்கும்? 20 மி.மீ. தடிமனுள்ள இரண்டு பிளேட்டுகளின் ஓரங்களை 30 டிகிரி சாய்வாகச் சீவி, அடியில் 3 மி.மீ. இடைவெளி விட்டு வெல்டிங் செய்திருக்கிறார்கள். 60 டிகிரி புரோபை வெல்டிங்கின் நடுக்கோட்டிலிருந்து 50 மி.மீ. தள்ளி வைக்கும்போது, ஒலி 52 மி.மீ. தூரம் போனதும் எதிரொலி எழுகிறது. 60 டிகிரிக்கு அதில் பாதி, அதாவது 26 மி.மீ., செங்குத்துத் தூரம். பிளேட்டோ 20 மி.மீ. தான். ஆக, ஒலி அடிப்பரப்பில் பட்டு மேலே திரும்பியிருக்கிறது. 40-இல் 26 போனால் ஆழம் 14 மி.மீ. கிடைத்தூரம் 45 மி.மீ.; நடுக்கோட்டுக்கு 5 மி.மீ. முன்னால். அந்த ஆழத்தில் சீவிய ஓரம் இருப்பதும் சரியாக அங்கேதான். உலோகம் ஓரத்தோடு உருகிச் சேரவில்லை என்று சந்தேகிக்கலாம். மறுபக்கத்திலிருந்து பார்த்தால் எதிரொலி மங்கிப்போகிறதா? சந்தேகம் வலுக்கிறது. காற்றுக்குமிழி என்றால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும்.

இந்தக் கணக்கு முழுவதும் தடிமனை நம்பி நிற்கிறது. பிளேட் உண்மையில் 18 மி.மீ. என்றால் ஆழம் 10 ஆகிவிடும். ரிப்பேருக்கு வெட்டுகிறவர் தேவையில்லாமல் ஆழமாகத் தோண்டுவார். அதனால், முதலில் நேர் புரோப் வைத்துத் தடிமனை அளக்க வேண்டும்.

அறிவிப்பில் பலர் விட்டுவிடுவது, சான்றிதழை எந்த முறையில், யார் கொடுத்தார்கள் என்பதை. எஸ்என்டி-டிசி-1ஏ என்ற அமெரிக்க வழிகாட்டுதலின்படி, சான்றளிப்பது வேலை கொடுக்கும் நிறுவனம். பயிற்சி மையம் தருவது படித்துத் தேறியதற்கான அத்தாட்சி மட்டும்தான். கம்பெனி மாறினால் புது நிறுவனம் தன் பொறுப்பில் மீண்டும் சான்றளிக்க வேண்டும். ஐஎஸ்ஓ 9712 முறையில் கொடுப்பது தனி அமைப்பு. அந்தச் சான்றிதழ் ஆளோடு போகும். 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

‘அடுத்தது ஃபேஸ்டு அரே’ என்பது நல்ல திட்டம். பல சிறு படிகங்களைக் கொண்ட புரோபால் ஒலியைப் பல கோணங்களில் திருப்பி, வெல்டிங்கின் குறுக்குவெட்டைப் படமாகக் காட்டும் முறை அது. அதற்குத் தனிப் பயிற்சியும் தேர்வும் உண்டு. இப்போது வாங்கிய சான்றிதழை வைத்து அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட முடியாது.