கேள்வியின்றி வரும் உறைப் படம்

பிஸ்கட் உறையின் பின்புறத்தைப் படமெடுத்து, ஒரு சொல்லும் எழுதாமல் எமது உணவியல் பிரிவுக்குச் சிலர் அனுப்புகின்றனர். உண்பவர் யாரென அறியாத நிலையில், முதலில் ஒவ்வாமைக் குறிப்பையே பார்க்கிறோம். அதில் நேரும் பிழை சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்தாகலாம்.

அண்மையில் ஒரு மூதாட்டி அனுப்பிய படத்தில் 'கோதுமை, பால், சோயா உள்ளன' என்ற வரி தெளிவாயிருந்தது. அதற்கடுத்த வரி உறையின் மடிப்பில் மறைந்திருந்தது. படத்தில் காணாததை உணவில் இல்லாததெனக் கொள்ளலாகாது. மடிப்பை விரித்து மீண்டும் படமெடுக்கக் கேட்டோம். 'நிலக்கடலை இருக்கக்கூடும்' என்ற எச்சரிக்கை அங்கே இருந்தது.

சர்க்கரை 100 கிராமுக்கு 24 கிராம் எனக் குறித்திருந்தனர். பொட்டலத்தின் எடையோ 75 கிராம். முழுவதையும் உண்டால் 18 கிராம், அதாவது ஏறத்தாழ நான்கரைத் தேக்கரண்டிச் சர்க்கரை சேரும். பொருட்பட்டியலில் மால்டோடெக்ஸ்ட்ரினும் இருந்தது. அது இக்கணக்கில் அடங்காது. எனினும் இரத்தச் சர்க்கரையை விரைந்து உயர்த்தும்.

இவ்விரண்டையும் எழுதியனுப்பி, உண்பவருக்கு ஒவ்வாமையோ நீரிழிவோ உண்டா எனக் கேட்டோம். தமக்கு நீரிழிவு என்றும், பிஸ்கட் நிலக்கடலை ஒவ்வாமையுள்ள பேத்திக்கு என்றும் மறுமொழி வந்தது. பேத்திக்கு ஒரு துண்டும் தரவேண்டாமென்றோம்.